ஆனால், அதனால்: வாக்கியம் ஒட்டாத இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது ஓர் இடத்தில் இடறுகிறது. எழுத்துப் பிழை எதுவும் கண்ணில் படவில்லை, சொற்களும் சரியாகத்தான் இருக்கின்றன, இருந்தும் வாக்கியம் உட்காரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆனால், அதனால் என்ற இரண்டும் வரும் இடங்களை.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். தமிழில் வந்தான், பெய்தது, முடியும் மாதிரியான வினைமுற்று வந்துவிட்டால் வாக்கியம் மூடிக்கொள்கிறது. உண்மையான ஒட்டு வினையின் வாலில் இருக்கிறது: வந்து, வந்தால், வந்தாலும், வந்ததால். 'ஆனால்', 'அதனால்' இரண்டும் அப்படி ஒட்டுகிறவை இல்லை, மூடிய வாக்கியத்துக்குப் பிறகு அடுத்ததைத் திறந்துவைத்து, முன்னால் சொன்னதைச் சுட்டிக்காட்டுகிறவை. ஆக நமக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முதல் பகுதியை மூடிவிட்டு 'ஆனால்', 'அதனால்' என்று தொடங்குவது. இல்லையென்றால் மூடாமல் வினையின் வாலை மாற்றி ஒட்டுவது. கீழே வரும் பிழைகளில் பலவும் இதில் பாதி, அதில் பாதி எடுத்துக் கலப்பதால் வருகிறவை.

அறிகுறி: வாக்கியம் மூச்சுவிடாமல் ஓடுகிறது

"கோப்பு திறக்கவில்லை அதனால் மறுபடி இறக்கினேன் ஆனால் அதுவும் திறக்கவில்லை அதனால் கணினியை அணைத்துப் போட்டேன்."

வினைமுற்றுகளை எண்ணுங்கள். திறக்கவில்லை, இறக்கினேன், திறக்கவில்லை, போட்டேன்: நான்கு முற்று, ஒரே ஒரு புள்ளி. முதல் வேலை, ஒவ்வொரு ஆனாலுக்கும் அதனாலுக்கும் முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைப்பது. காற்புள்ளி போதாதா என்றால், இரண்டே சின்னப் பகுதிகள் இருக்கும்போது போதும், அச்சிலும் அப்படி நிறைய வருகிறது. மூன்றாவது பகுதி வந்த உடனே காற்புள்ளி தாங்காது, எது எதோடு சேர்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

புள்ளி வைத்ததும் வேறு ஒரு தொல்லை தெரியும். நான்கு துண்டு வாக்கியங்கள், அவற்றில் மூன்று ஆனால், அதனால் என்று தொடங்குகின்றன. இப்போது சிலவற்றை மடக்க வேண்டும்:

"கோப்பு திறக்காததால் மறுபடி இறக்கினேன். அதுவும் திறக்காமல் போகவே கணினியை அணைத்துப் போட்டேன்."

'ஆனால்', 'அதனால்' எல்லாமே காணாமல் போய்விட்டன, பொருள் ஒன்றும் குறையவில்லை. இரண்டாவது முறையும் ஏமாற்றம் என்பதை 'அதுவும்' சொல்லிவிடுகிறது, காரணத்தைப் 'போகவே' பார்த்துக்கொள்கிறது.

மடக்கும்போது எழுவாயைக் கவனிக்க வேண்டும். வந்து, பார்த்து, எடுத்து போன்ற எச்சங்களுக்குப் பின்னால் வரும் முற்றும் பொதுவாக அதே ஆளுடையதாகத்தான் இருக்க வேண்டும். "அவன் வந்து நான் போனேன்" என்று எழுதினால் ஒட்டாது. ஆள் மாறினால் "அவன் வந்ததும் நான் போனேன்", "அவன் வர, நான் போனேன்", "அவன் வந்ததால் நான் போனேன்" இவற்றில் ஒன்று வேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். ஒன்று நடந்து அதன் விளைவாகவே மற்றொன்று நடக்கும்போது வழக்கு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை நம்பி எல்லா இடத்திலும் எழுவாயை மாற்றிவிடக் கூடாது.

அறிகுறி: 'ஆனால்' என்பதை 'என்றால்' என்று படிக்க நேர்கிறது

இது கொஞ்சம் நுணுக்கமானது, பலர் பார்க்காமல் விடுகிற இடமும் இதுதான்.

"அவர் சம்மதித்தார் ஆனால் வேலையைத் தொடங்கலாம்."

இதைச் சத்தமாகப் படியுங்கள். அவர் சம்மதித்துவிட்டாரா, இல்லை இனிமேல்தான் சம்மதிக்க வேண்டுமா? எழுதியவர் நினைத்தது "சம்மதித்தாரானால்". இரண்டுக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்று, ஏனென்றால் இரண்டும் ஒரே சொல்தான். 'ஆகு' என்ற வினையின் நிபந்தனை வடிவம் ஆனால். "நேரம் ஆனால் நானே கிளம்பிவிடுவேன்" என்னும்போது அந்தப் பழைய வேலையை இன்னும் செய்கிறது. முரணுக்கு வரும் 'ஆனால்' அதே வடிவம் தனியாகப் பிரிந்து வந்து இடைச்சொல்லாக நின்றது.

அதனால் எழுத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது இடைவெளியும் நிறுத்தக்குறியும் மட்டுமே. நிபந்தனை என்றால் சேர்த்து எழுத வேண்டும்: சம்மதித்தாரானால், முடியுமானால், தேவையானால், வருவீர்களானால். முரண் என்றால் முன்னால் நிறுத்தக்குறி, அப்புறம் தனிச்சொல்: "சம்மதித்தார். ஆனால் வேலையைத் தொடங்கவில்லை." நிறுத்தக்குறியும் இல்லாமல், சேர்க்கவும் செய்யாமல் நடுவில் விட்டுவிட்டால் படிப்பவர் வாக்கியத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்துதான் பொருள் கொள்ள வேண்டும்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'என்றால்' போட்டுப் பாருங்கள், பொருந்தினால் சேர்த்து எழுதுங்கள். 'இருந்தாலும்' பொருந்தினால் நிறுத்தக்குறி வையுங்கள். "முடியும் ஆனால் நாளை வருகிறேன்" என்ற வரியில் 'என்றால்' பொருந்துகிறது, 'இருந்தாலும்' பொருந்தவில்லை, ஆகவே அது 'முடியுமானால்'. கைப்பேசியில் பேசித் தட்டச்சு செய்பவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். காதில் விழும் ஒலி ஒன்றாக இருப்பதால் கருவி 'முடியுமானால்' என்பதை 'முடியும் ஆனால்' என்று பிரித்துப் போட்டுவிடக்கூடும், தனித்தனியாக இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் ஒன்றும் சொல்லாது.

அதனாலுக்கும் இதே கதை உண்டு. "மழை வந்ததனால் போகவில்லை" என்பதில் வந்தது, ஆல் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. "மழை வந்தது. அதனால் போகவில்லை" என்பதில் பிரிந்து நிற்கின்றன. பொருள் மாறாததால் இங்கே ஆபத்து குறைவு. ஆனாலும் நிறுத்தக்குறியை விட்டால் வேறு குழப்பம் வரும்: "தலைவலி வந்தது அதனால் படுத்துவிட்டேன்". பேச்சில் நாம் காரணத்தைக் கடைசியில் ஒட்டிச் சொல்வதுண்டு, "வந்தது அதனாலதான்" என்று. அந்தப் பழக்கத்தில் படிப்பவர் இந்த அதனாலை முன்பகுதியோடு சேர்த்துவிடுவார், முன்னால் வேறு எதையாவது சொல்லியிருந்தால் அதுதான் தலைவலிக்குக் காரணம் என்று ஆகிவிடும். ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது.

அறிகுறி: ஒரே பொருள் இரண்டு முறை சொல்லப்படுகிறது

"தேர்வு கடினமாக இருந்தாலும் ஆனால் எல்லோரும் தேறினார்கள்." "சாவி தொலைந்ததால் அதனால் பூட்டை உடைத்தோம்." இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நடுவில் பத்துச் சொற்கள் புகுந்துகொண்டால்தான் ஏமாந்துபோகிறோம்: "மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்திருந்தாலும், கடைசி நேரத்தில் மாற்றிய இரண்டு படங்களை யாரும் பார்க்காததால், ஆனால் பிழை தங்கிவிட்டது." எழுதியவருக்கு 'இருந்தாலும்' என்று தொடங்கியது மறந்துபோய், முரண் இன்னும் சொல்லவில்லையே என்று கடைசியில் ஓர் ஆனாலைச் செருகிவிட்டார்.

எதை எடுப்பது? முதல் பகுதி சின்னதாக இருந்தால் வாலை வைத்துக்கொண்டு ஆனாலை எடுங்கள். நீளமாக இருந்தால் வாலை வெட்டி முற்றாக்கி, புள்ளி வைத்து, ஆனால் என்று தொடங்குங்கள். மேலே உள்ள வாக்கியத்துக்கு இரண்டாவதுதான் நல்லது: "மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தார்கள். ஆனால் கடைசி நேரத்தில் மாற்றிய இரண்டு படங்களை யாரும் பார்க்காததால் பிழை தங்கிவிட்டது."

இதற்கு ஒரு பங்காளி இருக்கிறான், அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டுவான். "தாமதத்துக்குக் காரணம், ஆவணங்கள் வந்து சேராததால்." காரணம் என்று ஒரு முறை சொன்ன பிறகு 'ஆல்' எதற்கு? "காரணம், ஆவணங்கள் வந்து சேராததுதான்" என்றோ, "ஆவணங்கள் வந்து சேராததால் தாமதமானது" என்றோ எழுத வேண்டும். "வரவில்லை, ஏனென்றால் உடம்பு சரியில்லை அதனால்" என்பதும் இதே இனம். பேச்சில் காதுக்கு உறுத்தாது, எழுத்தில் ஒன்று மட்டும் போதும்.

ஒரு விலக்கு. "வேலை கிடைத்தது. ஆனால் சம்பளம் நன்றாக இருந்தாலும் தூரம் அதிகம்." இங்கே 'ஆனால்', 'இருந்தாலும்' இரண்டும் வந்திருக்கின்றன, பிழை இல்லை. 'ஆனால்' முந்தைய வாக்கியத்தோடு முரண்படுகிறது, 'இருந்தாலும்' இந்த வாக்கியத்துக்குள்ளே முரண்படுகிறது. இரண்டும் வேறு வேறு மூட்டுகள், எதையும் நீக்கத் தேவையில்லை.

அறிகுறி: 'ஆனால்' இருக்கிறது, முரண் இல்லை

இலக்கணம் எல்லாம் சரி, புள்ளியும் இருக்கிறது, ஆனாலும் படிப்பவர் 'அதுக்கென்ன?' என்று கேட்கும்படி இருக்கிறது. "அறை பெரியது. ஆனால் சன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது." சன்னல் கிழக்கே பார்த்தால் என்ன குறை?

இப்படி வரும்போது ஆனாலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு இரண்டைப் போட்டுப் பாருங்கள். முதலில் வினையின் வாலில் 'உம்': "அறை பெரியதாக இருந்தும்…" இது பொருந்தினால், முதல் பகுதியைக் கேட்டதும் நாம் எதிர்பார்த்த ஒன்று இரண்டாம் பகுதியில் முறிகிறது என்று அர்த்தம். "படித்தும் தேறவில்லை", "கூப்பிட்டும் வரவில்லை" எல்லாம் இந்த வகை, இங்கே ஆனால் தாராளமாக வரலாம். அடுத்தது இரண்டாவது எழுவாயில் 'ஓ': "அண்ணன் வந்தான், தம்பியோ வரவில்லை." எதிர்பார்ப்பு எதுவும் முறியவில்லை, இரண்டு ஆட்களை எதிரெதிரே நிறுத்துகிறோம், அவ்வளவுதான். இங்கேயும் ஆனால் வரலாம், ஓகாரம் இன்னும் அழகாக இருக்கும்.

இரண்டுமே பொருந்தவில்லை என்றால் ஒன்று 'ஆனால்' வேண்டாத இடத்தில் வந்திருக்கிறது, இல்லையென்றால் எழுதியவர் மனதில் இருந்த நடு வாக்கியம் தாளுக்கு வரவில்லை. சன்னல் விஷயத்தில் இரண்டாவதுதான். அவர் நினைத்தது வெயிலை. அதைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்: "அறை பெரியது. ஆனால் சன்னல் கிழக்கே பார்த்திருப்பதால் காலையில் முகத்துக்கு நேரே வெயில் அடிக்கும், உட்கார்ந்து வேலை செய்ய முடியாது."

மொழிபெயர்ப்பிலிருந்து வரும் 'ஆனால்' தனி ரகம். "இது பிழை அல்ல, ஆனால் வசதி." ஒன்றை மறுத்து அதன் இடத்தில் இன்னொன்றை வைக்கும்போது தமிழுக்கு இணைப்புச்சொல்லே தேவையில்லை: "இது பிழை அல்ல, வசதி." ஆங்கிலத்தில் இந்த வேலைக்கும் முரணுக்கும் ஒரே சொல் என்பதால் மொழிபெயர்ப்பவரின் கை தானாக ஆனாலுக்குப் போகிறது. "அவர் எழுத்தாளர் மட்டுமல்ல, ஆனால் ஓவியரும்கூட" என்பதும் இப்படி வந்ததே. 'மட்டுமல்ல', 'உம்' இரண்டும் சேர்ந்தே முழு வேலையையும் செய்துவிடுகின்றன: "அவர் எழுத்தாளர் மட்டுமல்ல, ஓவியரும்கூட." முன்பகுதியில் அல்ல, மட்டுமல்ல என்று இருந்து பின்னாலேயே ஆனால் வந்தால், நான் யோசிக்காமல் அடித்துவிடுவேன். எப்போதாவது தப்பாகிவிடும், "இது பெரிய பிழை அல்ல, ஆனால் திருத்தியாக வேண்டும்" மாதிரி வாக்கியத்தில். அங்கே உண்மையாகவே எதிர்பார்ப்பு முறிகிறது, 'அல்லதான், இருந்தாலும்' என்று படிக்க முடிகிறது.

அறிகுறி: 'அதனால்' தவறான இடத்தைச் சுட்டுகிறது

அதனால் என்பதற்குள் 'அது' இருக்கிறது. அது எது என்று படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். சோதனை எளிது: பின்பகுதியைச் சொல்லி 'எதனால்?' என்று கேளுங்கள். வரும் பதில் நேர் முன்னால் இருக்கும் வாக்கியமாக இருந்தால் சரி.

"பேருந்து தாமதமாக வந்தது. கூட்டம் ரத்தாகிவிட்டது. அதனால் திரும்பிவிட்டேன்." திரும்பியது எதனால்? கூட்டம் ரத்தானதால். சரி, பேருந்துக்கு இங்கே என்ன வேலை? அதுவும் ஒரு காரணம் என்றால் 'இந்த இரண்டாலும்' என்று எழுதுங்கள், காரணம் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை வேறு எங்காவது நகர்த்துங்கள்.

சில நேரம் எதனால் என்ற கேள்வியே அபத்தமாக இருக்கும். "விளக்கு எரிகிறது. அதனால் உள்ளே ஆள் இருக்கிறார்." ஆள் இருப்பது எதனால்? விளக்கு எரிவதாலா? விளக்கு நமக்குக் கிடைத்த தடயம்தான், அவர் அங்கே இருப்பதற்கான காரணம் வேறு. ஊகத்துக்கு 'அப்படியென்றால்' போடுங்கள், கொஞ்சம் விறைப்பான நடை என்றால் 'எனவே' போடுங்கள்.

இன்னொன்று அரிதாக வரும், வந்தால் சிரிப்பாக இருக்கும். "மேசைமேல் ஒரு கத்தி கிடந்தது. அதனால் கயிற்றை அறுத்தான்." கத்தி கிடந்த காரணத்தால் அறுத்தானா, கத்தியைக் கொண்டு அறுத்தானா? மூன்றாம் வேற்றுமை 'ஆல்' கருவிக்கும் வரும், காரணத்துக்கும் வரும். முன் வாக்கியத்தில் கத்தி, பேனா, சாவி மாதிரி கருவி ஏதாவது இருந்தால் அதனாலைத் தவிர்த்து "அதைக் கொண்டு", "அதை எடுத்து" என்று எழுதிவிடுவது நல்லது.

அறிகுறி: 'ததால்' போட்டு மடக்கியதும் 'இல்லை' இரண்டு பொருள் தருகிறது

"நீ சொன்னதால் நான் போகவில்லை." போகாதே என்று நீ சொன்னாய், நானும் போகவில்லை. அல்லது, நான் போனேன்தான், ஆனால் நீ சொன்னதற்காக அல்ல. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும், குரலை வைத்துத்தான் பேச்சில் பிரிக்கிறோம். மடக்காமல் இருப்பதே மேல் என்னும் இடம் இது. முதல் பொருளுக்கு: "நீ சொன்னாய், அதனால் நான் போகவில்லை." இரண்டாவதற்கு: "நான் போனது நீ சொன்னதால் அல்ல." காரணத்தை 'ததால்' என்று மடக்கி, கடைசியில் வில்லை, மாட்டேன், முடியாது என்று வந்தால் ஒரு முறை நின்று பார்த்துவிடுங்கள்.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

"அறிக்கையை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும் ஆனால் இரண்டு அத்தியாயங்களில் அட்டவணைகள் பொருந்தவில்லை அதனால் மீண்டும் கணக்கிட வேண்டியிருந்தது மற்றும் உதவியாளர் விடுப்பில் இருந்ததால் அதனால் தாமதமானது. முடியும் ஆனால் நாளை காலைக்குள் அனுப்புகிறேன்."

முதலில் ஆனால். எதிர்பார்ப்பு முறிகிறதா? நேற்றே போயிருக்க வேண்டியது, போகவில்லை. முறிகிறது, ஆகவே ஆனால் இருக்கட்டும், முன்னால் புள்ளி வேண்டும். அடுத்தது "பொருந்தவில்லை அதனால்". மீண்டும் கணக்கிட்டது எதனால்? அட்டவணை பொருந்தாததால். சோதனையில் தேறுகிறது, முன்பகுதி சின்னதுதான், மடக்கலாம்: பொருந்தாததால். கடைசியில் 'இல்லை' எதுவும் வராததால் இரட்டைப் பொருள் பயமும் இல்லை.

'மற்றும்' பெயர்களை அடுக்கும் சொல், இரண்டு முற்றுவினைகளை இணைக்க அதைக் கூப்பிடக் கூடாது. புள்ளி வைத்துவிட்டு உதவியாளரோடு 'உம்' சேர்த்தால் போதும். "இருந்ததால் அதனால்" இரட்டைக் காரணம், ஒன்று போக வேண்டும். எதை எடுப்பது என்று பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது: தாமதத்துக்குக் காரணம் உதவியாளர் மட்டும் இல்லை, கணக்கீடும் சேர்ந்துதான். அதனால் என்று விட்டுவைத்தால் பழி முழுக்க உதவியாளர் தலையில் விழும். கடைசி வரியில் 'என்றால்' பொருந்துகிறது, எனவே 'முடியுமானால்', அல்லது அதைவிட இயல்பாக 'முடிந்தால்'.

"அறிக்கையை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு அத்தியாயங்களில் அட்டவணைகள் பொருந்தாததால் மீண்டும் கணக்கிட வேண்டியிருந்தது. உதவியாளரும் விடுப்பில் இருந்தார். இந்த இரண்டாலும் தாமதமாகிவிட்டது. முடிந்தால் நாளை காலைக்குள் அனுப்புகிறேன்."

நடுவில் உள்ள இரண்டு சின்ன வாக்கியங்களையும் "உதவியாளரும் விடுப்பில் இருந்ததால் தாமதமாகிவிட்டது" என்று மடக்கலாமே என்று தோன்றும். மடக்கலாம், இலக்கணப்படி பிழை இல்லை, 'உம்' இருப்பதால் முந்தைய காரணமும் ஓரளவு சேர்ந்தே வரும். அதைப் படிக்கப் போகிறவர் அந்த உதவியாளரின் மேலதிகாரி என்றால் மட்டும் நான் பிரித்தே வைப்பேன்.